வீட்டு ஓனர் புதிய கணக்கு நம்பர் அனுப்பிய இரவு

நான் நங்கநல்லூரில் மூன்று வருடமாக வாடகைக்கு இருக்கிறேன். மாதம் 22,000 ரூபாய், ஐந்தாம் தேதிக்குள் ஓனர் கணக்கில் போட்டுவிட வேண்டும். ஓனர் ஓய்வு பெற்ற ஆசிரியர், மயிலாடுதுறையில் மனைவியோடு இருக்கிறார், நான் அவரை சார் என்றும் அவர் என்னைத் தம்பி என்றும் கூப்பிடுவது வழக்கம். போன வருடம் ஆகஸ்ட் 3ஆம் தேதி இரவு 9.40க்கு அவருடைய வாட்ஸ்அப்பில் இருந்து ஒரு செய்தி வந்தது. என் பழைய கணக்கு ஆடிட் காரணமாக நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது, இந்த மாத வாடகையைக் கீழே உள்ள கணக்கில் போடவும், இன்றே போட்டால் நல்லது, போட்டதும் ஸ்க்ரீன்ஷாட் அனுப்பவும் என்று இருந்தது. கீழே கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி, கணக்கு வைத்திருப்பவர் பெயர் என்ற இடத்தில் சாருடைய பெயரே.

புது நம்பரில் இருந்து வந்திருந்தால் அப்போதே சந்தேகப்பட்டிருப்பேன். இது அதே நம்பர், அதே புரொஃபைல் படம், மேலே போனால் மூன்று வருடத்துப் பேச்சு அப்படியே இருக்கிறது, மோட்டார் ரிப்பேருக்கு அவர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் உட்பட. அதனால் நம்பிவிட்டேன். வங்கி ஆப்பைத் திறந்து புதுக் கணக்கைச் சேர்க்க ஆரம்பித்தேன்.

பணம் போகாமல் நின்றதற்கு முதல் காரணம் அந்த ஆப்தான். முன்பெல்லாம் நெஃப்டில் பணம் அனுப்பும்போது பெயர் என்ற கட்டத்தில் நாம் எதை அடித்தாலும் அது சும்மா ஒரு குறிப்பு மாதிரிதான், வங்கி கணக்கு எண்ணை மட்டும் பார்த்துப் பணத்தைப் போட்டுவிடும். பெயரும் எண்ணும் பொருந்துகிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. யூபிஐயிலும் ஐஎம்பிஎஸ்ஸிலும்தான் வாங்குபவரின் பெயர் முன்பே தெரியும். நெஃப்ட், ஆர்டிஜிஎஸ்ஸுக்கும் அந்த வசதியை 2025 ஏப்ரல் 1க்குள் கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொன்னதால் இப்போது கணக்கு எண்ணையும் ஐஎஃப்எஸ்சியையும் அடித்தால் வங்கியின் பதிவில் உள்ள பெயர் திரையில் வருகிறது. எனக்கு வந்தது சார் பெயர் இல்லை. அவர் மனைவி பெயரும் இல்லை. நான் கேள்விப்பட்டே இராத ஒருவருடைய பெயர்.

அதை அப்படியே வாட்ஸ்அப்பில் கேட்டேன். "சார், பெயர் வேற காட்டுதே?" இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது. "அது எங்க சொந்தக்காரர் கணக்கு, பிரச்னை இல்ல, போடுங்க." முதல் செய்தியில் அவர் பெயரிலேயே கணக்கு என்று இருந்தது, நான் கேட்டதும் சொந்தக்காரர் கணக்காகிவிட்டது. இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. தொடக்கத்தில் இருந்து ஒரு இடத்தில்கூட தம்பி என்ற வார்த்தை இல்லை. சார் என்னிடம் ஒருமையில்தான் பேசுவார், "போடுங்க" என்று இதுவரை ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

ஒரு ரூபாய் அனுப்பிப் பார்த்தால் தெரிந்துவிடுமே என்று என் மனைவி சொன்னாள். இதைப் பலரும் செய்கிறார்கள், ஆனால் இந்த மாதிரி சமயத்தில் அது உதவாது. ஒரு ரூபாய் போனால் அந்தக் கணக்கு உயிரோடு இருக்கிறது என்று தெரியும், அவ்வளவுதான். "வந்துச்சா சார்?" என்று கேட்டால் வந்துவிட்டது என்று பதில் சொல்லப் போவது அந்த வாட்ஸ்அப்பில் உட்கார்ந்திருப்பவன். திரையில் வரும் பெயருக்கும் இதே வரம்பு உண்டு. பெயர் பொருந்தாவிட்டால் நிறுத்தி விசாரிக்கலாம், ஆனால் பொருந்திவிட்டால் மட்டும் போதாது, ஏனென்றால் கணக்கு யாருடையது என்றுதான் அது சொல்கிறது, கேட்டது யார் என்று சொல்வதில்லை.

ஆக, சாரிடம் பேச வேண்டும். வாட்ஸ்அப் கால் செய்தேன், உடனே கட் ஆனது. "மீட்டிங்ல இருக்கேன், அப்புறம் பேசறேன்" என்று மெசேஜ். எழுபது வயது தாண்டியவர், இரவு பத்து மணிக்கு என்ன மீட்டிங். வாடகை ஒப்பந்தத்தை எடுத்து முதல் பக்கத்தில் இருந்த நம்பரைப் பார்த்து சாதாரண போனில் கூப்பிட்டேன். வாட்ஸ்அப்பை வேறொருவன் வேறு போனில் திறந்து வைத்திருந்தாலும் சிம் கார்டு சாரிடம்தான் இருக்கும், சாதாரண கால் அந்த சிம்முக்குத்தான் போகும். மணி முழுவதும் அடித்து ஓய்ந்தது. அவர் ஒன்பது மணிக்கே படுத்துவிடுவார்.

அதற்குள் அந்தப் பக்கம் இருந்து மூன்று முறை கேட்டாயிற்று, போட்டாச்சா, போட்டாச்சா என்று. நான் சண்டையும் போடவில்லை, சந்தேகப்படுகிறேன் என்றும் காட்டிக்கொள்ளவில்லை. "இன்னிக்கு லிமிட் முடிஞ்சுடுச்சு, காலைல பார்க்கறேன்" என்று மட்டும் எழுதிவிட்டுப் படுத்தேன். ஐந்தாம் தேதி வரை நேரம் இருக்கிறது, ஒரு இரவு காத்திருப்பதால் எனக்கு நஷ்டம் எதுவும் இல்லை.

காலை 6.20க்கு சார் எடுத்தார். "என்ன தம்பி இவ்வளவு காலைல?" விஷயத்தைச் சொன்னேன். சில நொடி பேச்சே இல்லை. "நான் ஒண்ணுமே அனுப்பலையேப்பா. நேத்து சாயங்காலத்துலேருந்து என் வாட்ஸ்அப்பே திறக்க மாட்டேங்குது." அப்புறம்தான் முழுக் கதையும் வந்தது. முந்தைய நாள் மதியம் கொரியர் என்று ஒருவன் போன் செய்து, பார்சல் கொடுக்க ஒரு ஆறு இலக்க எண் வந்திருக்கும், அதைச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறான். எஸ்எம்எஸ்ஸில் வந்த எண்ணைச் சொல்லிவிட்டார். அது அவருடைய வாட்ஸ்அப்பை வேறு போனில் பதிவு செய்வதற்கான எண்.

லைனில் இருந்தபடியே அவரை மறுபடி நுழைய வைத்தேன். வாட்ஸ்அப்பைத் திறந்து தன் நம்பரைக் கொடுத்து, எஸ்எம்எஸ்ஸில் வரும் புது ஆறு இலக்க எண்ணைப் போட்டதும் மற்றவன் வெளியே போய்விடுவான். ஆனால் அவன் முன்கூட்டியே இரண்டடுக்குப் பாதுகாப்புக்கான ரகசிய எண் ஒன்றை வைத்துவிட்டிருந்தான், அதைக் கேட்டு நின்றது. அந்த ரகசிய எண் தெரியாவிட்டால் ஏழு நாள் காத்திருந்துதான் உள்ளே போக முடியும், ஆனாலும் எஸ்எம்எஸ் எண்ணைப் போட்ட அந்த நொடியே அவன் வெளியேற்றப்பட்டுவிடுகிறான். அதனால் சார் ஒரு வாரம் வாட்ஸ்அப் இல்லாமல் இருந்தாலும் அவர் பெயரில் வேறு யாருக்கும் செய்தி போவது நின்றது.

அப்போதுதான் அவருக்குக் கீழ் வீட்டு ஞாபகம் வந்தது. கீழே இரண்டு பையன்கள், 14,000 வாடகை. ஓடிப்போய்க் கதவைத் தட்டினேன். முதல் நாள் இரவு பத்தேகாலுக்கே போட்டுவிட்டிருந்தார்கள். அவர்களுக்குத் திரையில் வேறு பெயர் வந்திருக்கிறது, ஓனர் சொல்லிவிட்டாரே என்று தாண்டிப் போயிருக்கிறார்கள்.

ஏழு மணிக்குள் சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்குக் கூப்பிட்டோம். பணப் பரிமாற்றத்தின் பன்னிரண்டு இலக்கக் குறிப்பு எண், போன நேரம், தொகை, அனுப்பிய கணக்கு, போன கணக்கு எல்லாம் கேட்டார்கள், அந்தக் குறிப்பு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிட்டதால் பேச்சு வேகமாக முடிந்தது. பிறகு cybercrime.gov.in தளத்தில் செய்தியின் ஸ்க்ரீன்ஷாட்டுகளையும் பணம் போன ரசீதையும் ஏற்றி, அவர்கள் வங்கியிலும் எழுதிக் கொடுத்தோம். 14,000இல் 5,200 மட்டும் அடுத்த கணக்குக்குப் போகும் முன் பிடித்து நிறுத்தப்பட்டதாகத் தகவல் வந்தது. மீதி ஒன்பது மணி நேரத்தில் போய்விட்டது. இரவே கூப்பிட்டிருந்தால் இன்னும் கொஞ்சம் நின்றிருக்கும் என்று நினைக்கும்போது இப்போதும் மனசு கஷ்டமாக இருக்கிறது, அந்த நேரத்தில் நான் மாடியில் விழித்துக்கொண்டுதான் இருந்தேன், அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கு வந்த செய்தி ஓனர் போனில் உள்ள மற்றவர்களுக்கும் போயிருக்கும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

யாரோ ஒருவனுக்கு வாடகை போய்விட்டதால் வாடகை கொடுத்ததாக ஆகாது, ஓனருக்குக் கடன் அப்படியே நிற்கிறது. சார் பையன்களிடம் கடுமை காட்டவில்லை, அந்த மாத வாடகையை நான்கு தவணையாகக் கொடுக்கச் சொன்னார். ஆனால் சட்டப்படி அவர் முழுவதையும் கேட்டிருக்கலாம், அதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

இதற்குப் பிறகு ஒப்பந்தத்தைப் புதுப்பித்தபோது ஒரு பத்தி சேர்த்தோம். வாடகை எந்தக் கணக்கு, அதன் கடைசி நான்கு எண்கள், மாற்றினால் ஓனர் கையெழுத்திட்ட கடிதமும் கேன்சல்டு செக்கும் தர வேண்டும், மெசேஜ் மட்டும் போதாது என்று. எனக்கு வேறொரு காரணமும் இருந்தது. ஆபீஸில் வீட்டு வாடகைப் படிக்கு வருடம் ஒரு லட்சத்துக்கு மேல் வாடகை காட்டினால் ஓனரின் பான் எண் கொடுக்க வேண்டும், ரசீது ஒருவர் பெயரிலும் பணம் வேறொருவர் கணக்கிலும் இருந்தால் கேள்வி வரும், அப்போது காட்ட ஒரு காகிதம் வேண்டும்.

இந்த ஜனவரியில் சார் உண்மையாகவே கணக்கை மாற்றினார். பென்ஷன் வரும் வங்கியிலேயே வாடகையும் வரட்டும் என்று. இந்த முறை அவரே போன் செய்து சொன்னார், அடுத்த வாரம் ஒரு கல்யாணத்துக்குச் சென்னை வந்தபோது கடிதத்தையும் செக்கையும் கையில் கொண்டு வந்தார். ஆப்பில் எண்ணை அடித்தேன், திரையில் சாருடைய மனைவி பெயர் வந்தது, சார் பெயர் இல்லை. எனக்கு ஒரு கணம் பழைய இரவு மாதிரியே இருந்தது. அவர் செக்கைத் திருப்பிக் காட்டினார், இரண்டு பேர் பெயரும் அச்சாகியிருந்தது. ஜாயின்ட் கணக்கு, முதல் பெயர் மனைவியுடையது, அதனால் அது மட்டும் வந்திருக்கிறது. கடிதத்தில் அதையும் ஒரு வரி எழுதச் சொன்னேன், எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அப்புறம் அவர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே ஒரு ரூபாய் அனுப்பினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய் வங்கி எஸ்எம்எஸ்ஸை வாசித்தார். "ஒரு ரூபாய், உன் பேரு, இப்ப மணி பதினொண்ணு நாலு. வந்துடுச்சுப்பா, மீதியைப் போடு."