சிலிண்டருக்கு 80 ரூபாய் கூடுதலாகக் கேட்டபோது

2025 ஆகஸ்டில் ஒரு நாள் மதியம். சென்னையில் இரண்டாவது மாடி, லிஃப்ட் இல்லாத வீடு. பில்லில் 868.50 என்று இருந்தது. சிலிண்டர் கொண்டு வந்தவர் அம்மாவிடம் 950 கேட்டார். அம்மா தயங்கியதும், "மாசாமாசம் குடுக்குறதுதானே, இன்னைக்கு மட்டும் என்ன புதுசா கணக்கு பாக்குறீங்க?" என்று கத்தினார். அறுபத்தெட்டு வயதுக்காரரிடம் அப்படிப் பேசியதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பில் தொகையிலேயே வீட்டுக்குக் கொண்டு வந்து தரும் கட்டணமும் சேர்ந்திருக்கிறது. எத்தனையாவது மாடி என்பதற்கெல்லாம் தனியாக வாங்கக் கூடாது.

செல்போனில் ஒலிப்பதிவைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். சண்டை போடவில்லை. "பில்லுல 868.50தான் இருக்கு, மீதி எதுக்குண்ணா?" என்று மட்டும் கேட்டேன். "மாடி ஏத்துறதுக்கு. இல்லன்னா அடுத்த தடவை கீழயே வெச்சிட்டுப் போயிடுவேன்" என்றார். அந்த ஒரு வாக்கியம்தான் பின்னால் என்னைக் காப்பாற்றியது. பில் தொகைக்கு 870 ரூபாயைக் கையில் கொடுத்து, மீதி 80 ரூபாயை மட்டும் அவருடைய எண்ணுக்கு யுபிஐயில் அனுப்பினேன். குறிப்பில் 'சிலிண்டர் மாடிக் கூலி' என்று எழுதினேன். எல்லாவற்றையும் ரொக்கமாகக் கொடுத்திருந்தால் கூடுதலாக வாங்கியதற்குத் தடயமே இருந்திருக்காது. அம்மா இத்தனை மாதங்களாகக் கொடுத்ததற்கு இன்றுவரை எந்தச் சான்றும் இல்லை.

ஒரு தவறும் செய்தோம். பணம் பேசி முடிப்பதற்கு முன்பே, செல்போனுக்கு வந்த டெலிவரி குறியீட்டை அம்மா சொல்லிவிட்டார். சிலிண்டர் வாசலில் இருக்கும்போதே 'டெலிவரி ஆகிவிட்டது' என்று குறுஞ்செய்தி வந்துவிட்டது. சிலிண்டர் உள்ளே வந்து, சீலைப் பார்த்து, கணக்கு முடிந்த பிறகுதான் அந்த எண்களைச் சொல்ல வேண்டும்.

முதலில் ஏஜென்சிக்கு போன் செய்தேன். "டிப்ஸ்தானே மேடம், நீங்களா குடுத்தது" என்றார்கள். சரி என்று சமையல் எரிவாயு புகார்களுக்கான 1800-233-3555 என்ற இலவச எண்ணை அழைத்தேன். நுகர்வோர் எண், பில் தேதி, தொகை சொன்னதும் புகார் எண் கொடுத்தார்கள். இரண்டே நாளில் 'புகார் தீர்க்கப்பட்டது' என்று செய்தி வந்தது! என்னிடம் யாருமே பேசவில்லை. விடாமல் மறுபடி அழைத்து, புகார் எண்ணைச் சொல்லி, தீரவில்லை என்று பதியச் சொன்னேன். இதற்கும் மசியாவிட்டால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போவதாக இருந்தேன்.

மறுநாள் ஏஜென்சி மேலாளரே பேசினார். அதே டிப்ஸ் கதை. பில்லின் படம், யுபிஐ ரசீது, நாற்பது நொடி ஒலிப்பதிவு மூன்றையும் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். 'கீழயே வெச்சிட்டுப் போயிடுவேன்' என்பதைக் கேட்ட பிறகு டிப்ஸ் என்ற பேச்சே எழவில்லை. அன்று மாலை 80 ரூபாய் என் கணக்குக்குத் திரும்பி வந்தது. அதன் பிறகுதான் புகாரை முடிக்கச் சம்மதித்தேன்.

அடுத்த சிலிண்டரை வேறு ஒருவர் கொண்டு வந்தார். அம்மா 870 கொடுத்தார். அவர் சட்டைப்பையில் சில்லறை தேடி, ஒரு ரூபாயும் ஐம்பது காசுமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் படி இறங்கினார்.