இரண்டு ஆறுகளுக்கு நடுவே ஒரு டியூஷன் சென்டர்: ஆறாயிரம் ரூபாய் விளம்பரத்தில் நான் கற்றுக்கொண்டவை

திருச்சி திருவானைக்கோவிலில் பத்தாம் வகுப்புக்கும் பிளஸ் டூவுக்கும் கணக்கு டியூஷன் நடத்துகிறேன். இந்த ஆண்டு பள்ளி திறக்கும் நேரத்தில் பேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரத்துக்காக ஜிஎஸ்டி உட்பட ஆறாயிரம் ரூபாய் ஒதுக்கினேன். அதில் முதல் மூவாயிரம் வீணாகிப்போனது. அந்த வேதனை இன்னும் ஆறவில்லை என்பதால்தான் இதை விரிவாக எழுதுகிறேன். விளம்பரக் கணக்குத் தொடங்குவது, பணம் ஏற்றுவது, வாட்ஸ்அப் எண்ணை இணைப்பது ஆகியவற்றில் எனக்குச் சிக்கல் எதுவும் வரவில்லை. தவறு நடந்தது யாருக்குக் காட்ட வேண்டும் என்பதைத் தேர்ந்தெடுத்த இடத்தில்தான்.

முதல் முறை, தெரிந்தவர் மூலம் வந்த ஒரு விளம்பர உதவியாளரிடம் பொறுப்பை ஒப்படைத்தேன். அவர் வரைபடத்தில் சென்டரின் வாசலில் பின் குறி வைத்து நான்கு கிலோமீட்டர் வட்டம் போட்டார். வயது 18 முதல் 65 வரை. விருப்பம் என்ற பெட்டியில் கல்வி, கணிதம், தேர்வுகள் என்று தோன்றியதையெல்லாம் சேர்த்தார். ஒரு நாளைக்கு இருநூறு ரூபாயை நான்கு பிரிவாகப் பிரித்து, எது நன்றாக ஓடுகிறது என்று பார்க்கலாம் என்றார். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் ஐம்பது ரூபாய் பிரிவு ஒவ்வொன்றுக்கும் வாரத்துக்கு ஏழெட்டு வாட்ஸ்அப் செய்திகள்தான் வந்தன. ஒரு பிரிவுக்கு வாரத்தில் சுமார் ஐம்பது பலன்களாவது, என் விஷயத்தில் ஐம்பது செய்திகளாவது, கிடைத்தால்தான் அதன் ஓட்டம் நிலைப்படும் என்பதை நான் பிறகே படித்துத் தெரிந்துகொண்டேன். சிறிய தொகையை அப்படிக் கூறுபோட்டால் எந்தக் கூறும் எதையும் நிரூபிக்காது.

இரண்டு வாரத்தில் அறுபத்தொரு செய்திகள் வந்தன, ஒருவரும் சேரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒவ்வொரு செய்தியையும் நோட்டில் எழுதி, எதிரே அவர் ஊரையும் வயதையும் குறித்தேன். எந்தப் பகுதியிலிருந்து கேட்கிறார்கள் என்பதை விளம்பர அறிக்கை தெரு அளவில் காட்டாது என்பதால், கேட்டுக் குறித்து வைப்பதைத் தவிர வேறு வழியில்லை. அந்த நோட்டில்தான் மூன்று தவறுகளும் வெளிப்பட்டன.

முதலாவது, தூரம். வரைபடத்தில் போடும் வட்டத்துக்கு ஆறு தெரியாது. எங்கள் ஸ்ரீரங்கம் தீவுக்குத் தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம். நான்கு கிலோமீட்டர் வட்டம் ஆறுகளுக்கு அப்பால் உள்ள சத்திரம் பேருந்து நிலையத்தையும் தில்லைநகரையும் டோல்கேட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டது. தில்லைநகரிலிருந்து ஒரு தந்தை பேசினார். "சார், ஃபீஸ் எல்லாம் ஓகே. ராத்திரி எட்டரை மணிக்கு கிளாஸ் விட்டா, பாலத்தைத் தாண்டிப் பையன் சைக்கிள்ல எப்படி வருவான்?" என்று கேட்டார். அவர் கேட்டது முழுக்கச் சரி. ஒவ்வொரு செய்திக்கும் நான் பணம் கொடுத்திருக்கிறேன், அதில் பெரும்பங்கு எந்த நாளும் எங்கள் சென்டருக்கு வர முடியாதவர்களுக்குப் போயிருக்கிறது.

தூரத்திலேயே இன்னொன்றும் ஒளிந்திருந்தது. அந்த இடத்தில் வசிப்பவர்களுக்கு மட்டும் என்று தனியாகத் தேர்ந்தெடுக்கும் வசதி 2023 முதல் இல்லை. இப்போது அங்கே வசிப்பவர்களும் அண்மையில் அங்கே இருந்தவர்களும் ஒன்றாகவே கணக்கில் வருகிறார்கள். வேறு ஊரில் இது பெரிய வித்தியாசம் செய்யாமல் போகலாம். ஸ்ரீரங்கத்தில் அது பெருங்குறை, ஏனென்றால் பெருமாளைச் சேவிக்க வந்து திரும்பியவர்கள் எல்லோரும் அந்த வட்டத்துக்குள் வந்துவிடுகிறார்கள். "கோயிலுக்கு வந்திருந்தோம் சார், நாங்க தாம்பரம், ஆன்லைன் கிளாஸ் உண்டா?" என்று ஓர் அம்மா கேட்டபோதுதான் எனக்கு இது உறைத்தது.

இரண்டாவது, வயது. வயதுவாரி அறிக்கையைத் திறந்து பார்த்தேன். பணத்தில் பெரும்பகுதி 18 முதல் 24 வயதினரிடம் போயிருந்தது. அவர்கள் கல்லூரி மாணவர்கள், எனக்குப் பயனில்லாதவர்கள். 18 முதல் என்று வைத்ததே தவறு, ஆனால் வயதைக் குறுக்கி வைத்திருந்தாலும் அது மட்டும் போதியிருக்காது. `Advantage+ audience` என்ற அமைப்பு இயங்கும்போது நாம் தரும் வயதும் விருப்பமும் பரிந்துரையாக மட்டுமே எடுத்துக்கொள்ளப்படும், எல்லையாக அல்ல. அதை நாங்கள் இருவருமே படிக்காமல் விட்டிருந்தோம். எனக்கு அந்தப் பக்கத்தின் அடியில் `Switch to original audience options` என்ற சிறிய இணைப்பு இருந்தது. அதை அழுத்திய பிறகுதான் வயது உண்மையான எல்லையாக மாறியது. மாணவர்களையே நேராகக் குறிவைக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். பதினெட்டு வயதுக்குக் கீழுள்ளவர்களுக்கு விருப்பத்தைக் கொண்டு விளம்பரம் காட்ட அனுமதி இல்லை. அதைவிட முக்கியமாக, பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு டியூஷனை முடிவு செய்வது வீட்டில் பெற்றோர்தான்.

மூன்றாவது, விருப்பம். கணிதத்தில் விருப்பமுள்ளவர் என்றால் பிள்ளைக்குக் கணக்கு வராத பெற்றோர் என்று நாம் நினைக்கிறோம். என் நோட்டில் இருந்தவர்களில் ஏழு பேர் வேலை கேட்ட ஆசிரியர்கள், மூவர் வேறு டியூஷன் நடத்துபவர்கள். கணிதப் பக்கங்களை ஆசையோடு பார்ப்பவர்கள் கணிதம் சொல்லிக்கொடுப்பவர்களாகத்தானே இருப்பார்கள்! ஒரே பெட்டியில் நான்கு விருப்பங்களைச் சேர்த்தால் அவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலே போதும் என்றுதான் பொருள், நான்கும் இருக்க வேண்டும் என்று அல்ல. அதனால் சேர்க்கச் சேர்க்கக் கூட்டம் பெருகுமே தவிரச் சுருங்காது.

மீதி மூவாயிரத்தை நானே கையில் எடுத்தேன். நகரத்தின் பெயரைத் தேர்ந்தெடுத்தால் வட்டத்தை மிகச் சிறிதாக்க முடியாது, ஆனால் பின் வைத்தால் ஒரு கிலோமீட்டர் வரை குறைக்கலாம். பின்னைச் சென்டரின் வாசலில்தான் வைக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. தீவு கிழக்கு மேற்காக நீண்டு கிடப்பதால், ஒரு பெரிய வட்டத்துக்குப் பதிலாகத் திருவானைக்கோவில் பக்கம் ஒன்றும் ஸ்ரீரங்கம் கோயில் பக்கம் ஒன்றுமாக ஒரு கிலோமீட்டர் வட்டங்கள் இரண்டை வைத்தேன். இரண்டும் சேர்ந்து ஆற்றைத் தாண்டாமல் குடியிருப்புகளின் மேல் உட்கார்ந்தன. வயது 35 முதல் 50 வரை. விருப்பத்தில் `Parents with teenagers (13-17 years)` என்பதை இரண்டு நாள் வைத்துப் பார்த்தேன். இவ்வளவு சிறிய இடத்தில் அது கூட்டத்தை மிகவும் குறுக்கிவிட்டது, விளம்பரம் ஏறக்குறைய நகரவே இல்லை. பிறகு விருப்பத்தை முற்றிலும் எடுத்துவிட்டேன். அந்த வேலையை விளம்பரத்தின் முதல் வரிக்குக் கொடுத்தேன்: "பத்தாம் வகுப்பில் கணக்குக்குத் தடுமாறும் பிள்ளையின் பெற்றோருக்கு. நேரடி வகுப்பு மட்டும், திருவானைக்கோவில்." கோயிலுக்கு வந்து போனவர்களை நீக்கியதும் அந்த இரண்டாவது வாக்கியம்தான். மொழிப் பெட்டியில் தமிழ் என்று வைக்க வேண்டாம். அது பேசும் மொழியைப் பார்ப்பதில்லை, செயலியில் தேர்ந்தெடுத்த மொழியைப் பார்க்கிறது. நம் பெற்றோர் பலர் கைப்பேசியை ஆங்கிலத்திலேயே வைத்திருக்கிறார்கள்.

இந்த முறை பத்தொன்பது செய்திகள்தான் வந்தன. விருப்பத்தை எடுத்த பிறகு நான்கு நாட்கள் கைவைக்காமல் பொறுத்திருப்பது கடினமாக இருந்தது, ஆனால் தினமும் மாற்றினால் ஓட்டம் திரும்பத் திரும்ப முதலிலிருந்து தொடங்கும் என்பதால் அடக்கிக்கொண்டேன். ஒன்பதாம் நாள் `Frequency` நான்கைத் தாண்டியது, அதாவது ஒரே ஆளுக்குச் சராசரியாக நான்கு முறைக்கு மேல் காட்டிவிட்டது. செய்திகளும் நின்றுவிட்டன. படத்தை மாற்றி, வகுப்பறைக் கரும்பலகையைக் கைப்பேசியில் எடுத்துப் போட்டதும் மறுபடி வந்தன. மாதிரி வகுப்புக்கு ஏழு பேர் வந்தார்கள், நான்கு பேர் சேர்ந்தார்கள். முதல் மாதக் கட்டணத்திலேயே இரண்டாம் மூவாயிரம் திரும்பி வந்துவிட்டது.

சேர்ந்தவர்களில் ஒரு பெண் தீவிலேயே உள்ள மேலூரிலிருந்து வருகிறாள். அது என் இரண்டு வட்டங்களுக்கும் வெளியே. பக்கத்து வீட்டு அம்மா விளம்பரத்தை அனுப்பி வைத்ததாக அவள் தாயார் சொன்னார். அடுத்த முறை மூன்றாவது பின் அங்கேதான்.