ஒரே போன், ஆறு கிளையண்ட், வரிசையா வந்த ஃபிளாக்

சோஷியல் மீடியா பேஜ் பாத்துக்குற ஃப்ரீலான்ஸர் யாரக் கேட்டாலும் இந்தக் கதை ஒண்ணு வெச்சிருப்பாங்க. ஒரு கிளையண்ட் அக்கவுண்ட்ல சந்தேகத்துக்குரிய லாகின்னு ஃபிளாக் வரும், கொஞ்ச நேரத்துல இன்னொரு கிளையண்ட்டுக்கும் வரும், உடனே எல்லாரும் சொல்றது ஒண்ணுதான், "ஒரே போன்ல இத்தனை அக்கவுண்ட் இருக்குன்னு ஆப் கண்டுபிடிச்சிருச்சு." கண்டுபிடிக்க அதுல என்னங்க இருக்கு, ஒரே ஆப்புக்குள்ளதான் ஆறு அக்கவுண்ட்டையும் மாத்தி மாத்தி ஓட்டிட்டிருக்கோம், மாத்துற பட்டனே அவங்க வெச்சதுதான். போன் ஒண்ணா இருக்குறது மட்டுமே குத்தம் இல்ல, அதோட வேற ஏதாவது ஒண்ணு சேரும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்குது. எனக்கு அது எப்படி சேந்துச்சுன்னு சொல்றேன்.

பழைய போன் பேட்டரி உப்பிப் போச்சு, வேற வழியில்லாம புது போன். ஆறு அக்கவுண்ட்லயும் புதுசா லாகின் பண்ணணும். மொதல் ரெண்டும் ஒரு தொந்தரவும் இல்லாம உள்ள போயிருச்சு. மூணாவது டான்ஸ் கிளாஸ் நடத்துற அக்காவோடது. அதுலயும் உள்ள போயிட்டேன், ஆனா அவங்க மெயிலுக்கு "புது சாதனத்துல இருந்து லாகின்"னு ஒரு அலர்ட் போயிருக்கு, அதுல போட்டிருந்த ஊர் பேரு நான் இருக்குற ஊரே இல்ல. மொபைல் டேட்டால இது சகஜம், ஐபிய வெச்சு காட்டுற ஊரு பெரும்பாலும் அந்த நெட்வொர்க் இன்டர்நெட்டோட சேர்ற கேட்வே எங்க இருக்கோ அதத்தான் காட்டும், ஆள் எங்க இருக்கான்னு இல்ல. அக்காவுக்கு அது எப்படி தெரியும், தெரியாத ஊரப் பாத்ததும் "இது நான் இல்லை"ங்குற பட்டன அமுக்கிட்டாங்க. அப்புறம் போன் பண்ணி, "தம்பி, யாரோ நம்ம அக்கவுண்ட்ட ஹேக் பண்ணப் பாத்தாங்க, நான் உடனே பாஸ்வேர்ட மாத்திட்டேன்"னு பெருமையா சொல்றாங்க. "அக்கா, அந்த யாரோ நான்தான்"னு சொன்னதும் கொஞ்ச நேரம் லைன்ல சத்தமே இல்ல.

அந்த ஒரு பட்டன் என்ன பண்ணுதுன்னு யோசிச்சுப் பாருங்க. அக்கவுண்ட்டோட சொந்தக்காரங்களே இந்த லாகின் திருட்டு லாகின்னு சாட்சி சொல்றாங்க. அவங்க பாஸ்வேர்ட மாத்தினதும் என் போன்ல அந்த அக்கவுண்ட் வெளிய வந்து விழுந்துச்சு, அது எதிர்பாத்ததுதான். எதிர்பாக்காதது அதுக்கப்புறம் நடந்தது. நாலாவதா துணிக்கடை அக்கவுண்ட்ல உள்ள போகப் போனா சரியான பாஸ்வேர்ட் போட்டும் சொந்தக்காரர் நம்பருக்கு கோட் அனுப்புறேன்னு நிக்குது, ஏற்கெனவே உள்ள போயிருந்த மொத அக்கவுண்ட்ல போஸ்ட் போகுது, ஆனா கமெண்ட்டுக்கு பதில் போட்டா "பின்னர் முயற்சிக்கவும்"னு வருது. உள்ள என்ன கணக்கு போடுறாங்கன்னு எந்த கம்பெனியும் வெளிய சொல்லாது, ஆனா நடந்த வரிசையப் பாத்தா என் போன் மேலயே ஒரு புள்ளி விழுந்திருக்குன்னுதான் எனக்குப் பட்டுச்சு.

இந்த இடத்துலதான் நிறைய பேர் பதறி காரியத்தக் கெடுத்துக்குவாங்க. விபிஎன் போட்டுப் பாப்பாங்க, வைஃபைல இருந்து டேட்டாவுக்கு மாறி மறுபடி ட்ரை பண்ணுவாங்க, ஆப்ப க்ளோன் பண்ணி அதுக்குள்ள ஒரு அக்கவுண்ட் வெப்பாங்க. அஞ்சு நிமிஷத்துல ரெண்டு ஊர்ல இருந்து லாகின் வந்தா அது அசல் திருடன் மாதிரிதான தெரியும்? க்ளோன் பண்ணா டேட்டா தனியா இருக்கும், அவ்ளோதான், போன் மாடலும் அதேதான் நெட்வொர்க்கும் அதேதான், அதுலயும் வெளியாளுங்க பண்ண க்ளோன் ஆப்புல கிளையண்ட் பாஸ்வேர்ட அடிக்குறது எனக்கு சரியாவே படல.

அதுக்கு முன்னாடி வந்திருக்குறது எந்த வகைன்னு பாக்கணும். கோட் கேட்டு நிறுத்துனா அது நீ யாருங்குற கேள்வி, சொந்தக்காரங்க பதில் சொன்னா தீந்துரும். உள்ள விட்டுட்டு கமெண்ட், ஃபாலோ மாதிரி ஒரு வேலைய மட்டும் தடுத்தா அது நடத்தை பத்தினது, கைய கட்டிட்டு சும்மா இருக்குறதுதான் மருந்து. அக்கவுண்ட்டையே முடக்கி விதிமீறல்னு காரணம் எழுதியிருந்தா அதுக்கு அப்பீல்தான் வழி. எனக்கு வந்தது மொத ரெண்டும்தான், அதனால அந்த போன்ல எதையும் தொடாம வெச்சுட்டேன். அக்காவும் துணிக்கடைக்காரரும் அவங்கவங்க பழைய போன்ல, எப்பவும் லாகின்ல இருக்குற ஆப்புக்குள்ள போயி, செட்டிங்ஸ்ல லாகின் ஆக்டிவிட்டி லிஸ்ட்டப் பாத்தாங்க. அக்கா புது பாஸ்வேர்ட் சொன்னாங்க, நான் வீட்டு வைஃபைல இருந்தே ஒரு அக்கவுண்ட் முடிஞ்சு நல்லா இடைவெளி விட்டு அடுத்ததுன்னு போனேன், ஒவ்வொரு தடவையும் அவங்கள லைன்ல வெச்சுக்கிட்டு "இப்ப ஒரு அலர்ட் வரும், அது நான்தான், ஆமான்னு அமுக்குங்க"ன்னு சொல்லிட்டுத்தான் பண்ணேன். கமெண்ட் தடை தானா போயிருச்சு.

கோட் விஷயத்துல ஒரு தலைவலி உண்டு. அது எஸ்எம்எஸ்ல கிளையண்ட் நம்பருக்குப் போகும், அவரு மீட்டிங்ல இருப்பாரு, அவரு அனுப்புறதுக்குள்ள காலாவதியாயிரும், மறுபடி கேப்போம், பழசும் புதுசும் குழம்பி தப்பா அடிப்போம், ரெண்டு மூணு தடவை தப்பானா அதுவே புது ஃபிளாக். ஆதென்டிகேட்டர் ஆப் இருந்தா இந்த ஓட்டம் மிச்சம். செட் பண்ணும்போது வர்ற க்யூஆர் கோட கிளையண்ட் போன்லயும் நம்ம போன்லயும் ஸ்கேன் பண்ணிட்டா ரெண்டுலயும் ஒரே ஆறு இலக்கம் வரும், வழக்கமா 30 செகண்டுக்கு ஒருக்கா மாறும், நெட்டே வேண்டாம். ஆனா அந்தக் கணக்கு போன் கடிகாரத்த வெச்சு ஓடுது, நேரத்த கையால மாத்தி வெச்சிருந்தா சரியான ஆப்புல இருந்து தப்பான கோட்தான் வரும். ஆட்டோமேட்டிக் நேரம் ஆன்ல இருக்கான்னு மொதல்ல பாருங்க.

இதெல்லாமே ஒட்டுதான். சரியான வழி பாஸ்வேர்டே வாங்காம இருக்குறது. ஃபேஸ்புக் பேஜுக்கு ஆக்ஸஸ் குடுக்கலாம், யூடியூப் சேனலுக்கு மேனேஜர், எடிட்டர்னு பெர்மிஷன் இருக்கு, கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல்ல மேனேஜரா சேக்கலாம், கூகுள் ஆட்ஸுக்கு மேனேஜர் அக்கவுண்ட்னு தனியாவே ஒண்ணு இருக்கு. நாம நம்ம ஐடில மட்டும் லாகின் பண்ணுவோம், புது போன் வாங்கினாலும் ஒரு லாகின்தான், அலர்ட் நமக்குத்தான் வரும், அக்கா தூக்கம் கெடாது. குறை இல்லாம இல்ல, சில வேலைக்கு இன்னமும் அசல் லாகின் கேக்கும், அப்புறம் நம்ம ஐடி முடங்குனா ஒரே நேரத்துல எல்லா பேஜ்லயும் கை விட்டுப் போகும். ஆனா பேஜ் கிளையண்ட் கையிலயேதான் இருக்கும், அதுக்காகவே ஓனர் இடத்துல என் பேர போட ஒத்துக்கவே மாட்டேன், அவங்க கேட்டாலும்.

இன்னொண்ணு, ஒரு கிளையண்ட் வேலை முடிஞ்சு கிளம்பும்போது பெரும்பாலும் லாகவுட் பண்றதோட விட்டுருவோம். ஆரம்பத்துல ஏதோ அவசரத்துக்கு ரெக்கவரி நம்பரா நம்ம நம்பர குடுத்திருப்போம், அது அப்படியே கிடக்கும். போன மாத்தினாலும் நம்பர் மாறாதுல்ல, நாளைக்கு அந்த அக்கவுண்ட்ல வேற எவனோ ஏதாவது பண்ணி மாட்டுனா அதுல நிக்குறது நம்ம நம்பர். கிளையண்ட் லைன்ல இருக்கும்போதே அத எடுக்கச் சொல்லி, அவங்க நம்பர் விழுந்திருச்சான்னு ஸ்க்ரீன்ஷாட் வாங்கிட்டுத்தான் நான் கடைசி பில்லையே அனுப்புறது.