ஜரிகை இலையில் தையலின் திசை

தைத்து முடிக்காத புது உடையின் படத்தைக் கணினியில் முப்பரிமாணமாக உருவாக்கித் தருவது என் பணி. ஈரோடு, கோவைப் பக்கத்துக் கடைகளிலிருந்து வருபவற்றில் அதிக உழைப்பைக் கேட்பது ஆரி வேலை செய்த ரவிக்கைதான். பூவேலையைப் புகைப்படமெடுத்துத் துணியின் மேல் நிறமாக ஒட்டிவிட்டால், கையைத் திருப்பினாலும் பளபளப்பு இருந்த இடத்திலேயே நிற்கும். பார்ப்பவருக்கு அது பூசிய சாயமாகவே தெரியும்.

அரக்கு நிற ரவிக்கையின் கையில் ஜரிகை நூலால் நிரப்பிய ஓர் இலையை எடுத்துக்கொள்வோம். கோபிச்செட்டிபாளையத்தில் ஆரி தைக்கும் அக்கா ஒருவர், "நடு நரம்புக்கு ரண்டு பக்கமும் ஒரே சாய்வுல போட்டா எல செத்துப் போயிருமுங்க தம்பி" என்றார். இரு பாதிகளிலும் நூல் ஒன்றே, நிறமும் ஒன்றே. ஆனால் நூல் ஓடும் திசை வேறு என்பதால், ஒரு பாதி ஒளிரும்போது மறுபாதி இருண்டிருக்கும். ஒளியை நகர்த்தினால் இரண்டும் இடம் மாறும். தைத்ததுபோல் தோன்றுவதற்கு இந்த மாற்றமே முதற்காரணம் என்பது என் உறுதியான கருத்து.

ஆகவே நிறப்படத்தோடு திசைப்படம் ஒன்றையும் சாம்பல் நிறத்தில் வரைகிறேன்; ஒவ்வொரு பகுதியின் சாம்பல் அளவும் அங்கே நூல் ஓடும் கோணத்தைக் குறிக்கும். பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில், `Cycles` முறையில், அதை `Anisotropic Rotation` உள்ளீட்டில் இணைத்து, `Anisotropic` அளவை உயர்த்த வேண்டும். அந்தப் படத்தை `Non-Color` என்று குறிக்காவிட்டால் கோணங்கள் பிசகும். `Interpolation` என்பதை `Closest` ஆக்காவிட்டால், நடு நரம்பின் ஓரத்தில் இரு கோணங்களும் கலந்து, எந்த நூலுக்கும் உரியதல்லாத இடைக்கோணம் பிறக்கும். இலை நடுவில் இழுகித் தெரிவது அதனால்தான். ஜரிகைக்கு `Metallic` 1 என வைத்து, பொன்னிறம் பிரதிபலிப்பில் மட்டும் வரும்படி விடுகிறேன். நிழலில் அது பழுப்பாக இருளும், அப்படித்தான் இருளவும் வேண்டும்.

படத்தின் நுணுக்கமும் போதுமானதாக இருக்க வேண்டும். 30 செ.மீ. நீளக் கைக்கு 4096 புள்ளிகள் கொடுத்தால் மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 14 புள்ளிகள் கிடைக்கும். சங்கிலித் தையலின் வரிசைகளைப் பிரித்துக் காட்ட அது போதும்.

ஜமிக்கிகளை நான் படமாக ஒட்டுவதில்லை. நடுவில் துளையுள்ள சிறு தகடுகளாகவே அமைத்து, துளையிலிருந்து விளிம்புக்கு ஒரு நூலையும் இழுத்துவிடுகிறேன். ஒன்றின் மேல் ஒன்று படியத் தைத்த வரிசை ஒரே பக்கம் சாயும். தனித்தனியாகத் தைத்தவை ஒவ்வொன்றும் ஒரு பக்கம் சாயும். எல்லாம் ஒருசேர மின்னினால் சாய்வைக் கொடுக்கவில்லை என்று பொருள். ஒரு பார்வையில் சில மட்டுமே மின்ன வேண்டும், மற்றவை மங்கியிருக்க வேண்டும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் இறுதிப் படத்தில் மினுக்கம் மெழுகிவிட்டாற்போல் மழுங்குவதுண்டு. புள்ளி இரைச்சலை நீக்கும் `Denoise` தனித்து மின்னும் ஜமிக்கியையும் இரைச்சலாகக் கருதித் துடைத்துவிடுகிறது. ஒவ்வொரு புள்ளிக்கும் எடுக்கும் ஒளி மாதிரிகளின் எண்ணிக்கையைக் கூட்டி, `Denoise`-க்கு `Albedo`, `Normal` தகவல்களையும் சேர்த்துக் கொடுத்தால் பெரும்பகுதி மீளும். அப்போதும் ரவிக்கையின் கைப்பகுதியை மட்டும் இரைச்சல் நீக்காத படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே கடைக்கு அனுப்புகிறேன்.