ரிஃப்ளெக்சிவா, எம்ஃபாடிக்கா: 'நீக்கிப் பார்' விதி எங்கே காலை வாரும்?

போட்டித் தேர்வுக்கு ஆங்கில இலக்கணம் படித்தவர்கள் இந்தக் குறுக்குவழியைக் கேட்டிருப்பீர்கள். மைசெல்ஃப், தெம்செல்வ்ஸ் போன்ற சொல்லை நீக்கிப் பார். வாக்கியம் நின்றால் எம்ஃபாடிக், அதாவது வெறும் அழுத்தம்; நிற்காவிட்டால் ரிஃப்ளெக்சிவ், அதாவது செயல் செய்தவரையே திரும்பச் சேர்கிறது. எளிய கேள்விகளுக்கு இது போதும். "ஷீ ரோட் த லெட்டர் ஹெர்செல்ஃப்" என்பதில் ஹெர்செல்ஃப் போனாலும் கடிதத்தை எழுதியது அவள்தான். "தே பிளேம்ட் தெம்செல்வ்ஸ்" என்பதில் தெம்செல்வ்ஸ் போனால், யாரைக் குறை சொன்னார்கள் என்றே தெரியாது.

கேள்வி கொஞ்சம் கடினமானால் விதி தடுமாறும். "த ஸ்டூடன்ட்ஸ் டாட் தெம்செல்வ்ஸ் த சாங்". இதில் தெம்செல்வ்ஸை நீக்குங்கள். "த ஸ்டூடன்ட்ஸ் டாட் த சாங்" என்பது இலக்கணப்படி சரியான வாக்கியம்தான். உடனே எம்ஃபாடிக் என்று குறித்துவிடத் தோன்றும். தமிழும் சேர்ந்து ஏமாற்றும்: 'மாணவர்கள் தாங்களே பாட்டைக் கற்றுக்கொண்டார்கள்' என்றுதானே சொல்வோம், அந்த ஏகாரம் அழுத்தம் போலவே ஒலிக்கும். ஆனால் நீக்கியபின் பொருளைப் பாருங்கள். கற்றுக்கொண்ட மாணவர்கள் இப்போது வேறு யாருக்கோ கற்றுக்கொடுக்கிறார்கள்! டீச் என்ற வினைக்கு 'யாருக்கு', 'எதை' என்று இரண்டு இடங்கள் உண்டு. 'யாருக்கு' என்ற இடத்தில் உட்கார்ந்திருப்பது தெம்செல்வ்ஸ். ஆகவே ரிஃப்ளெக்சிவ்.

அதனால் நான் நீக்கிப் பார்ப்பதைவிட மாற்றிப் பார்ப்பதையே நம்புவேன். அந்தச் சொல் இருக்கும் இடத்தில் வேறு ஆளை உட்காரவைத்துப் பாருங்கள். "த ஸ்டூடன்ட்ஸ் டாட் த சில்ட்ரன் த சாங்": பொருந்துகிறது, அங்கே ஓர் இடம் இருக்கிறது. "ஷீ ரோட் த லெட்டர் த சில்ட்ரன்": பொருந்தவில்லை, காரணம் அங்கே இடமே இல்லை, ஹெர்செல்ஃப் வெறும் அழுத்தம். "ஹீ வாஷ்ட் ஹிம்செல்ஃப்" என்பதும் இப்படித்தான் பிடிபடும். ஹிம்செல்ஃபை நீக்கினாலும் 'அவன் கழுவிக்கொண்டான்' என்ற பொருள் அப்படியே இருக்கும், அதனால் பழைய விதிப்படி எம்ஃபாடிக் ஆகிவிடும். ஆனால் "ஹீ வாஷ்ட் த பேபி" என்று சொல்ல முடிகிறதே! ஆக, ரிஃப்ளெக்சிவ்.

எம்ஃபாடிக்தானா என்று உறுதி செய்ய இன்னொரு வழி, சொல்லை எழுவாய்க்குப் பக்கத்தில் நகர்த்துவது. "ஷீ ஹெர்செல்ஃப் ரோட் த லெட்டர்": பொருள் மாறவில்லை. "த ஸ்டூடன்ட்ஸ் தெம்செல்வ்ஸ் டாட் த சாங்": பொருள் மாறிவிட்டது.

மாற்றிப் பார்ப்பதும் தோற்கும் வினைகள் சில உண்டு. அப்சென்ட், பயன்படுத்திக்கொள்வது என்ற பொருளில் வரும் அவெய்ல், பெருமைப்படுவது என்ற பொருளில் வரும் ப்ரைட் ஆகியவற்றை வினையாகப் பயன்படுத்தும்போது பின்னால் வேறு ஆளை வைக்க முடியாது; ஆனாலும் செல்ஃப் கட்டாயம் வேண்டும். "ஹீ அப்சென்டட் ஃப்ரம் த க்ளாஸ்" என்று பிழை காணும் கேள்வியில் வந்தால், விடுபட்டது ஹிம்செல்ஃப். இவற்றுக்கு மனப்பாடம்தான் வழி.