சத்தமில்லாமல் ஓட வேண்டிய பெட்ஷீட் விளம்பரம்

சென்னிமலை பெட்ஷீட் விற்கும் கடைக்காரர் ஒருவர், தானே பேசி நடித்த முப்பது வினாடி விளம்பரத்தை என்னிடம் தந்தார். முதல் ஐந்து வினாடி கடைப் பெயர் சுழல்கிறது. பிறகு அவர் கும்பிட்டு, "வணக்கமுங்க" என்கிறார். சாயம் போகாது என்பது, விலை, போன் நம்பர் எல்லாமே பேச்சில்தான். ம்யூட்டில் பார்ப்பவருக்கு ஒருவர் வாயசைப்பது மட்டும் தெரியும்.

பேச்சை அப்படியே அடியில் எழுத்தாக ஓட்டச் சொன்னார். ஆனால் அவர் வேகமாகப் பேசுகிறவர். "எத்தனை தடவை துவைச்சு வெயில்ல போட்டாலும் நம்ம பெட்ஷீட் சாயமே போகாதுங்க" என்று ஒரே மூச்சில் சொன்னது போன் திரையில் நான்கு வரி பிடித்தது. "துவைத்தாலும் சாயம் போகாது" என்று சுருக்கினேன். நிதானமாக இரண்டு முறை படிக்க நேரம் இருக்கிறதா என்பதுதான் என் கணக்கு. இல்லையென்றால் இன்னும் வெட்டு.

கடைசியில் கிடந்த ஒரு காட்சியை முதலுக்குக் கொண்டுவந்தேன். அரக்குச் சிவப்பு பெட்ஷீட்டை வெள்ளை வாளியில் முக்கிப் பிழிகிறார்கள். தண்ணீர் தெளிவாகவே இருக்கிறது. பிழியும்போது எழுத்தே வைக்கவில்லை. வைத்தால் கண் எழுத்துக்குப் போய்விடும், தண்ணீரை யார் பார்ப்பார்கள்?

பிரீமியர் எடிட்டிங் மென்பொருளில் தமிழைத் தட்டியதும் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று சிதறியது. Preferences-ல் Graphics பகுதிக்குப் போய், South Asian and Middle Eastern என்ற எழுத்து எஞ்சினுக்கு மாற்றினால் சரியாகிவிடும். வெள்ளை விரிப்பின் மேல் வெள்ளை எழுத்து மறைந்துபோனதால், பின்னால் மங்கிய கறுப்புப் பட்டை கொடுத்தேன். ரீல்ஸில் திரையின் அடிப்பகுதியைப் பெயரும் பட்டனும் பிடித்துக்கொள்ளும். அதனால் எழுத்து நடுவுக்குச் சற்றுக் கீழேயே நின்றது.

ரீல்ஸுக்கு எழுத்தை வீடியோவிலேயே பதித்துவிட்டேன். தனிக் கோப்பாகத் தந்தால் பார்ப்பவர் அதை அணைத்து வைத்திருக்கலாம். யூடியூபுக்கு மட்டும் எழுத்தில்லாத பிரதியோடு, எழுத்தையும் அது வரும் நேரத்தையும் தனியாக வைத்திருக்கும் எஸ்ஆர்டி கோப்பு. அங்கே பதித்த பிரதியையே போட்டால் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு வரி தெரியும்.

```
1
00:00:04,000 --> 00:00:06,500
துவைத்தாலும்
சாயம் போகாது
```

வினாடிக்குப் பின்னால் வருவது கமா, புள்ளி அல்ல. கோப்பை UTF-8 ஆகச் சேமிக்காவிட்டால் தமிழுக்குப் பதில் கேள்விக்குறிகள் வரும்.

"அப்ப நான் பேசறது யாருக்குங்க தம்பி?" என்றார். "சத்தம் வெச்சுப் பாக்கறவங்களுக்குண்ணே" என்றேன். குரலை எடுக்கவில்லை.

ம்யூட் செய்த போனைக் கடையில் துணி மடிக்கும் அக்காவிடம் கொடுத்து, என்ன புரிந்தது என்று கேட்டேன். சாயம் போகாது என்றார், ஊரைச் சொன்னார், விலையைச் சொல்லவில்லை. விலையும் போன் நம்பரும் ஒரே ஃப்ரேமில் மோதிக்கொண்டிருந்தன. நம்பரைத் தூக்கிவிட்டு வாட்ஸ்அப் பட்டன் வைத்தோம். விலை தனியாக மூன்று வினாடி நின்றது.