குறைந்திருக்கிறது, ஆனால் போதாது

நுவரெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் பெண். நீரிழிவுக்காரர். காய்ச்சலும் இருமலும் வந்து சாப்பிட முடியாமல் போனதால், இரண்டு நாட்களாக இன்சுலின் ஊசியையும் நிறுத்தியிருந்தார். எங்கள் வைத்தியசாலைக்கு வரும்போது மூச்சு வேகமாக ஓடியது. மணிக்கட்டு நாடியில் எடுத்த குருதியின் முடிவு: pH 7.08, காபனீரொட்சைட்டு அழுத்தம் 28, அமிலத்தைத் தணிக்கும் இருகாபனேற்று 8.

பயிற்சி வைத்தியர் தாளைப் பார்த்துவிட்டு, "காபனீரொட்சைட்டு குறைந்திருக்கிறது. நுரையீரல் ஈடுசெய்கிறது, சேர்" என்றார். வழமையான அளவு 35 முதல் 45 வரை என்பதால் 28 குறைவுதான். எவ்வளவு குறைந்திருக்க வேண்டும் என்பதே என் கேள்வி.

நான் எப்போதும் pH இலிருந்துதான் தொடங்குவேன். 7.35க்குக் கீழே என்றால் அமிலப் பக்கம். அடுத்து, அந்தச் சரிவுக்கு எது காரணம்? காபனீரொட்சைட்டு கூடியிருந்தால் கோளாறு சுவாசத்தில். இருகாபனேற்று குறைந்திருந்தால் அனுசேபத்தில். இங்கே இரண்டாவது. அனயன் இடைவெளியையும் கணக்கிட்டோம். சோடியம் 134, அதிலிருந்து குளோரைட்டு 98ஐயும் இருகாபனேற்று 8ஐயும் கழித்தால் 28. வழமையில் ஏறத்தாழ 12தான். மிகுதி 16, இன்சுலின் இல்லாததால் சேர்ந்த கீட்டோ அமிலத்தின் பங்கு. இருகாபனேற்றும் 24இலிருந்து அதே 16தான் இறங்கியிருந்தது. அனுசேபப் பக்கத்தில் வேறொன்றும் ஒளிந்திருக்கவில்லை.

பலர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். அனுசேப அமிலக் கோளாறில் நுரையீரல் எவ்வளவு தூரம் ஈடுசெய்யும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு: இருகாபனேற்றை 1.5ஆல் பெருக்கி 8ஐக் கூட்டினால், இருக்க வேண்டிய காபனீரொட்சைட்டு அழுத்தம் வரும்; 2 கூடலாம், குறையலாம். இவருக்கு 12உம் 8உம் சேர்ந்து 20. இருந்ததோ 28. சிறுநீரகம் ஈடுசெய்ய நாட்கள் எடுக்கும். நுரையீரலுக்குச் சில மணி நேரம் போதும், முழு அளவை எட்ட ஒரு நாள் வரை ஆகலாம். இவர் இரண்டு நாள் நோயாளி, ஆகவே நேரம் போதவில்லை என்று சொல்ல முடியாது. மலையுயரத்தையும் சாக்காகச் சொல்ல முடியாது. 1,868 மீற்றர் உயரத்தில் வாழ்பவருக்கு இந்த எண் சற்று இறங்கித்தான் இருக்கும், ஏறியிராது. அப்படியென்றால் அனுசேபக் கோளாற்றின் மேல் சுவாசக் கோளாறும் ஏறியிருக்கிறது.

கட்டிலருகே போய்ப் பார்த்தோம். மூச்சு வேகமாக இருந்தாலும் ஆழமாக இல்லை. கழுத்துத் தசைகள் இழுத்துக்கொண்டிருந்தன. எக்ஸ்ரேயில் வலது கீழ்ப்பகுதியில் நிமோனியா. உடனே தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றச் சொன்னேன். இன்சுலின், சேலைன், பொட்டாசியக் கண்காணிப்பு, நுண்ணுயிர்க்கொல்லி எல்லாம் தொடங்கின. மூச்சுக் குழாய் போடுவதற்கான ஆயத்தமும் பக்கத்திலேயே இருந்தது.

அது தேவைப்படவில்லை. இரவு எடுத்த முடிவில் pH 7.27, இருகாபனேற்று 12, காபனீரொட்சைட்டு 27. பயிற்சி வைத்தியர் தானே கணக்கிட்டார்: 18உம் 8உம் 26. இம்முறை 27 பொருந்தியது.